திங்கட்கிழமை மாலையும் 40 ஜிபி கல்யாணப் படங்களும்

மாணவர்கள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். நான் பேசுவதுதான் அவர்களுக்குக் கேட்காது. "டீச்சர், உங்க குரல் உடைஞ்சு உடைஞ்சு வருது" என்று ஒருவர் சொல்லுவார், அடுத்தவர் "டீச்சர், நீங்க அப்படியே நிக்கிறீங்க" என்பார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் குரலும் போய்விடும். எஸ்பிஎம் மாணவர்களுக்கு மாலையில் இணையத்தில் கணித டியூஷன் எடுக்கிறேன். வாரக் கடைசியில் எடுக்கும் வகுப்பில் இந்தத் தொல்லை கிடையாது. திங்கள், செவ்வாய் மாலைகளில்தான் உயிரை வாங்கும்.

நாங்கள் இருப்பது பகாவ் பக்கம். நெகிரி செம்பிலானில் ஜெம்போல் வட்டாரம், சுற்றிலும் செம்பனையும் ரப்பரும். எங்கள் தாமானுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. சிம் போட்ட 4ஜி ரூட்டர்தான் வீட்டுக்கும், முன்பக்கம் அண்ணன் வைத்திருக்கும் ஸ்டூடியோவுக்கும். அதனால் லைன் ஸ்லோ என்றால் மழை, கோபுரம், கம்பெனி என்று மூன்றில் ஒன்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பது வழக்கம். ஆனால் மழை திங்கட்கிழமை பார்த்துப் பெய்வதில்லையே. அண்ணன் கல்யாணப் படம் பிடிப்பவர். சனி, ஞாயிறில் கல்யாணம், திங்கட்கிழமை படங்களை கம்ப்யூட்டரில் இறக்குவார். இறக்கும் கோப்புறை கூகள் டிரைவோடு இணைந்தது, அதில் விழுவதெல்லாம் தானாக இணையத்தில் ஏறும். சந்தேகம் வர இந்தக் கிழமைக் கணக்கே போதும்.

சந்தேகத்தை உறுதி செய்ய ஸ்பீட் டெஸ்ட் அவ்வளவாக உதவாது. லைன் நிரம்பியிருக்கும்போது ஓட்டினால் குறைவாகக் காட்டும், அவ்வளவுதான். ஏன் குறைவு என்று சொல்லாது. ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பிங்கைப் பார்ப்பது மேல். விண்டோஸில் Command Prompt என்ற கருப்புச் சன்னல் இரண்டைத் திறந்து, ஒன்றில் வீட்டு ரூட்டரையும் மற்றதில் வெளியுலகையும் தட்டிப் பார்த்தேன்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதல் எண் ரூட்டரின் முகவரி. சில ரூட்டர்களில் வேறாக இருக்கும், ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பார்க்கலாம். ரூட்டரிடமிருந்து என் மடிக்கணினிக்குப் பதில் எப்போதும் சில மில்லிசெகண்டில் வந்தது. ஆக வீட்டுக்குள் வைஃபையில் கோளாறு இல்லை. வெளியே போகும் பிங் சாதாரண நேரத்தில் 40, 50 மில்லிசெகண்ட். திங்கட்கிழமை மாலை அதே எண் 1000-ஐத் தாண்டியது. அண்ணனிடம் போய் டிரைவை நிறுத்தச் சொன்னேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதன் ஐகானை அழுத்தி, பல்சக்கர மெனுவில் Pause syncing கொடுத்தார். சில வினாடிகளில் பிங் பழையபடி 50-க்கு இறங்கியது. மறுபடி ஓடவிட்டால் மறுபடி ஏறியது. கோபுரத்தில் கூட்டம் என்றால் இப்படி நாம் சொன்னபடி ஏறி இறங்காது.

இன்னொரு சோதனையும் உண்டு. Task Manager திறந்து, Processes பக்கத்தில் Network என்ற தலைப்பை ஒருமுறை அழுத்தினால் அதிகம் இழுப்பவர் மேலே வந்து நிற்பார். அண்ணனுடைய கம்ப்யூட்டரில் Google Drive தலையில் உட்கார்ந்திருந்தது. அந்த நேரம் லைனில் கிடைத்த அப்லோட் முழுவதும் அதன் பெயரில்தான் இருந்தது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. கொடுத்த கோப்பைச் சீக்கிரம் மேலே ஏற்று என்பதுதான் அதற்கு இட்ட வேலை, எல்லை எதுவும் நாம் சொல்லவில்லை.

அப்லோட் நிரம்பினால் டவுன்லோடும் ஏன் படுக்கிறது என்று அண்ணன் கேட்டார். "ஏறுற பாதை வேற, எறங்குற பாதை வேற இல்லையா?" நியாயமான கேள்வி. இங்கே சாயங்காலம் செம்பனை மில் வாசலில் எடைமேடைக்காக லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு ரசீதைக் கொடுத்துவிட்டுப் போக மோட்டார் சைக்கிளில் வந்தவரும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டருக்குள் நடப்பது இதுதான். 4ஜி லைன் ஏற்றி அனுப்பும் வேகத்தைவிட வேகமாக டிரைவ் கொட்டுகிறது. மிச்சம் ரூட்டரின் நினைவகத்தில் வரிசை கட்டுகிறது. என் குரல் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகிறது, ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரு செகண்டுக்கு மேல் அந்த வரிசையில் காத்திருக்கிறது. டவுன்லோடும் தப்பாது. ஒரு வலைப்பக்கம் இறங்கும்போதே "வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு" என்ற சின்னச் செய்திகள் நம் பக்கமிருந்து மேலே போகவேண்டும். அதுவும் அதே வரிசையில் மாட்டினால், அனுப்புகிறவர் காத்திருப்பார், இறங்கும் வேகம் தானாக விழும்.

அதனால் வரிசையே உருவாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. லைன் தாங்கும் அளவைவிடக் குறைவாக டிரைவ் அனுப்பினால் ரூட்டரில் எதுவும் தேங்காது, என் குரலும் உடனுக்குடன் போய்விடும். பெரிய திட்டத்துக்கு மாறினால் போதுமே என்று ஒரு நண்பர் சொன்னார். அப்லோட் இரண்டு மடங்கானால் டிரைவும் இரண்டு மடங்கு கொட்டும். 40 ஜிபி முடியும்வரை வரிசை இருக்கத்தான் செய்யும். கெடும் நேரம் குறையும், கெடுதல் போகாது.

எவ்வளவு குறைப்பது என்பதுதான் இதில் நுணுக்கமான இடம், எங்களைப் போல 4ஜியில் இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக. ஃபைபரில் அப்லோட் வேகம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். 4ஜியில் நேரத்துக்கு நேரம் மாறும். எங்கள் வீட்டில் விடியற்காலையில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அளந்தால் 14 எம்பிபிஎஸ் வரை அப்லோட் வந்தது. இரவு எட்டு மணிக்கு, ஊரே கைப்பேசியில் இருக்கும்போது, 6-தான். எல்லையை 14-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் காலையில் சரியாக இருக்கும், வகுப்பு நேரத்தில் எல்லையே இல்லாதது போல ஆகிவிடும். எனவே நமக்குத் தேவையான நேரத்தில், அந்த நேரத்தின் மோசமான எண்ணை எடுக்கவேண்டும். எங்களுக்கு அது 6.

இந்த 6 எம்பிபிஎஸ் பிட் கணக்கு. டிரைவ் போன்ற சிங்க் புரோகிராம்களில் எல்லை கேட்கும் பெட்டி KB/s என்று பைட்டில் கேட்கும். எட்டு பிட் ஒரு பைட். 6 எம்பிபிஎஸ் என்றால் 6000-ஐ எட்டால் வகுத்து 750 KB/s. அண்ணன் அந்தப் பெட்டியில் முதலில் 6000 என்றே போடப் போனார். போட்டிருந்தால் லைனைப் போல எட்டு மடங்கு எல்லை, அதாவது எல்லையே இல்லை. எண்ணைப் போட்டும் எதுவும் மாறவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த எட்டைத்தான்.

750-ஐ அப்படியே கொடுக்கவும் முடியாது. என் வகுப்புக்கு, என் முகமும் பலகையும் சேர்த்து, 2 எம்பிபிஎஸ் ஒதுக்கினேன். அது 250 KB/s. மீதி 500. 4ஜியின் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு நூறு விட்டால் 400. அந்த 400 முழுவதும் அண்ணனுக்கு இல்லை. என் மடிக்கணினியிலும் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் ஓடுகிறது, Desktop, Documents, Pictures மூன்றையும் அது மேலே காப்பு எடுத்துக்கொண்டே இருக்கிறது. இந்த எல்லைகள் அந்தந்தக் கம்ப்யூட்டரில் அந்தந்தப் புரோகிராமுக்கு மட்டும்தான். ஒன்று மற்றதைப் பார்த்து அடங்காது. இரண்டு கம்ப்யூட்டரில் ஆளுக்கு 400 போட்டால் 800 ஆகிவிடும், லைன் மறுபடி நிரம்பிவிடும். அதனால் அண்ணனுக்கு 300, எனக்கு 100 என்று பிரித்துக்கொண்டோம்.

கூகள் டிரைவில் இடம் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஐகானை அழுத்தி, பல்சக்கரம், Preferences. வரும் சன்னலின் வலது மேல் மூலையில் இன்னொரு பல்சக்கரம் இருக்கும், பலர் கவனிக்காமல் விடுவது அதைத்தான். அதை அழுத்திக் கீழே போனால் Bandwidth settings வரும். அங்கே அப்லோட், டவுன்லோட் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி. அப்லோடில் டிக் போட்டு 300 கொடுத்து Save. ஒன்டிரைவில் ஐகான், பல்சக்கரம், Settings, அதில் Sync and backup, அதன் அடியில் Advanced settings. Limit upload rate-ஐத் திறந்தால் எண் போடலாம். இங்கே 50-க்குக் கீழே போக விடாது.

போட்டபின் வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி Task Manager. அதன் நெட்வொர்க் பத்தி பிட் கணக்கில் காட்டும், ஆகவே 300 KB/s அங்கே 2.4 எம்பிபிஎஸ் பக்கத்தில் ஆடவேண்டும். ஒரே எண்ணில் நிற்காது, ஏறி இறங்கும், அது இயல்பு. ஆனாலும் கடைசித் தீர்ப்பு பிங்கிடம்தான். சிங்க் ஓடும்போதே, வகுப்பு நேரத்தில், வெளியே போகும் பிங் 100-க்குள் பெரும்பாலும் நின்றால் எண் சரி. அடிக்கடி 300, 400 என்று குதித்தால் எல்லையில் இன்னும் ஐம்பதைக் குறைக்கவேண்டும். நான் போட்ட கணக்கு தொடக்கப் புள்ளிதான். உங்கள் ஊர்க் கோபுரத்துக்கு வேறு எண் வரும்.

ஒன்டிரைவில் எண் போடும் இடத்திலேயே Adjust automatically என்று ஒன்று உண்டு. மற்றவர்கள் லைனைப் பயன்படுத்தும்போது தானே பின்வாங்கும் ஏற்பாடு அது. தாமதம் கூடுவதைப் பார்த்துத்தான் அது பின்வாங்குகிறது. ஒன்றும் இல்லாததைவிட நல்லது. வகுப்பு எடுப்பவள் நான் என்பதால், எப்போது எவ்வளவு பின்வாங்கும் என்று தெரியாத அந்த நிச்சயமின்மை எனக்குப் பிடிக்கவில்லை. எண் போட்டால் மனசுக்கு நிம்மதி. வகுப்பு நாளில் இன்னும் எளிய வழி, ஒன்டிரைவின் Pause syncing. அது 2, 8, 24 மணி நேரம் என்று கேட்கும். இரண்டு மணி நேர வகுப்புக்கு அளவெடுத்தது போல இருக்கிறது, முடிந்ததும் தானாக ஓட ஆரம்பித்துவிடும். கூகள் டிரைவை நிறுத்தினால் நாமே போய்த் திரும்ப ஓடவிடவேண்டும், அண்ணனை நம்பி அந்த வேலையை விட முடியாது.

இவ்வளவும் முடிந்தபின் அண்ணன் முகம் வாடியது. "முந்நூறுல எப்ப முடியும்?" கணக்குப் போட்டேன். ஒரு கல்யாணத்துக்கு 1500 படம் எடுக்கிறார். கேமரா பதிவு செய்யும் மூலக் கோப்பான ரா ஒன்று 25 எம்பிக்குக் கொஞ்சம் மேலே, மொத்தம் 40 ஜிபி. 300 KB/s வேகத்தில் ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரம் வினாடி, அதாவது 37 மணி நேரம். திங்கட்கிழமை மதியம் தொடங்கினால் புதன் விடிகாலை. "மாப்பிள்ளை வீட்டார் நாளைக்கே படம் பாக்கணும்னு நிக்கிறாங்க பாப்பா."

"அவங்களுக்கு ரா கோப்பா வேணும், அண்ணே?" என்று கேட்டேன். இல்லை. ஆல்பத்துக்குப் படம் பொறுக்க, கைப்பேசியில் பார்க்கும் அளவுக்குச் சின்ன ஜேபெக் போதும். படம் ஒன்று அரை எம்பி என்றால் 1500 படமும் சேர்த்து 750 எம்பி. அதே 300-இல் முக்கால் மணி நேரத்துக்குள் ஏறிவிடும். சிக்கல் வேகத்தில் இல்லை, வரிசையில்தான் இருந்தது. எது முதலில் போகவேண்டும் என்று டிரைவிடம் சொல்ல வழி கிடையாது. கோப்புறையில் கண்டதை அது எடுத்துக்கொள்ளும். ரா, ஜேபெக் இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால், வாடிக்கையாளருக்கு வேண்டிய சின்னப் படங்கள் 40 ஜிபிக்கு நடுவில் எங்கோ மாட்டிக்கொள்ளும். ஆகவே ரா கோப்புகள் முதலில் டிரைவுக்கு வெளியே உள்ள ஒரு கோப்புறையில் இறங்கவேண்டும். அங்கிருந்து சின்னப் படங்களை ஏற்றுமதி செய்து டிரைவில் போடவேண்டும். அவை ஏறி முடிந்தபின், இரவில், ரா கோப்புறையை டிரைவுக்கு நகர்த்தவேண்டும். வெளியே இருக்கும் அந்தச் சில மணி நேரம் மெமரி கார்டை அழிக்கக் கூடாது.

இரவு பதினொன்றுக்குமேல் லைன் காலியாக இருக்கும். அப்போது 300-ஐ எடுத்து 1200 போடலாம். பதினொன்றிலிருந்து காலை ஆறுவரை ஏழு மணி நேரத்தில் 30 ஜிபி ஏறும், மீதிப் பத்தும் மறுநாள் பகலில் 300-லேயே பத்து மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். இந்த நேரத்துக்கு இந்த எண் என்று அட்டவணை போடும் வசதி டிரைவின் அமைப்புப் பக்கத்தில் இல்லை, கையால்தான் மாற்றவேண்டும். அண்ணன் கடை விளக்கை அணைக்கும்போது மாற்றுகிறார். காலையில் திரும்ப மாற்ற மறந்தால் மாலை வகுப்புக்கு முன் நான் பிங் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன்.

வேலை நடக்கும் கோப்புறையை டிரைவுக்கு வெளியே வைத்ததில் இன்னொரு லாபமும் கிடைத்தது. ஆல்பப் பக்கம் வடிவமைக்கும் போட்டோஷாப் பிஎஸ்டி கோப்பு ஒன்று 500 எம்பி வரை வரும். அண்ணன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமிப்பவர். சேமித்த ஒவ்வொரு தடவையும் அது மறுபடி மேலே ஏற வரிசையில் நின்றது. படத் திருத்த மென்பொருள் உருவாக்கும் முன்னோட்டக் கோப்புகளும் அப்படித்தான், யாருக்கும் வேண்டாத ஆயிரக்கணக்கான துண்டுகள். எல்லை போட்டால் இந்தக் குப்பை மெதுவாக ஏறும், ஆனால் ஏறாமல் இருக்காது. மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று கணக்குள்ள சிம் என்றால் இதைக் கவனிக்கவேண்டும். வேக எல்லை ஒரு ஜிபியைக்கூட மிச்சப்படுத்தாது. மிச்சப்படுத்துவது கோப்புறையில் எதை வைக்கிறோம் என்பது மட்டுமே.

எல்லாம் சரிசெய்தபிறகும் ஒரு மாலை பிங் எகிறியது. இரண்டு கம்ப்யூட்டரிலும் எண் சரியாகவே இருந்தது. அம்மா தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போய் வந்து வைஃபையில் நுழைந்திருந்தார், கைப்பேசியில் எடுத்த வீடியோக்கள் எல்லாம் கூகள் போட்டோஸுக்கு ஏற ஆரம்பித்துவிட்டன. கம்ப்யூட்டரில் இருப்பது போல எண் போடும் பெட்டி அந்த ஆப்பில் கிடையாது. காப்பு எடுப்பதை அணைக்கலாம் அல்லது விடலாம். வகுப்பு நாட்களில் அணைத்து வைத்து, இரவில் போட்டுவிடுகிறோம். ஆகவே எண் சரியாக இருந்தும் பிங் ஏறினால் வீட்டில் உள்ள கைப்பேசிகளை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் இறங்குகிறதோ அதுதான்.

டவுன்லோட் எல்லையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாள்தோறும் அது தேவைப்படுவதில்லை. புதுக் கம்ப்யூட்டரில் அதே கணக்கைத் திறக்கும் அன்றுதான் தேவைப்படும். அண்ணன் ஸ்டூடியோவுக்கு இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கியபோது டிரைவில் Mirror files தேர்ந்திருந்தால், பல வருடக் கல்யாணங்கள் எல்லாம் ஒன்றாக இறங்கத் தொடங்கியிருக்கும். Stream files வைத்தால் திறக்கும் கோப்பு மட்டும் இறங்கும், எல்லைக்கே வேலை இல்லை. ஒன்டிரைவில் இதற்கு இணையானது Files On-Demand. முழுவதும் கையிருப்பில் வேண்டும் என்பவர்கள் மட்டும், மாலை டவுன்லோட் வேகத்தில் பாதியளவை ஆயிரத்தால் பெருக்கி எட்டால் வகுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

ரூட்டரையோ திட்டத்தையோ மாற்றினால் பழைய எண் செல்லாது, மாலையில் மறுபடி அளந்து போடவேண்டும். ஃபைபர் வந்தவர்களுக்கு இது தலைகீழாக நடக்கும். லைன் பறக்கும், டிரைவ் மட்டும் 300-லேயே ஊர்ந்துகொண்டிருக்கும், காரணம் தெரியாமல் கம்பெனிக்குப் போன் போடுவார்கள். அந்த டிக்கை எடுக்க யாராவது ஞாபகப்படுத்தவேண்டும். அண்ணனுடைய மானிட்டர் ஓரத்தில் 300, 1200 என்று இரண்டு எண்ணையும் எழுதி ஒட்டி, அடியில் அளந்த தேதியையும் போட்டிருக்கிறேன்.